நாலில் நின்ற முள்

காலை பத்தரைக்கு மருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் மருந்துக்கடை அல்லோலகல்லோலப்பட்டது. உரிமையாளரான அவளுடைய தாய்மாமா ஸ்டூலில் ஏறி லைசென்ஸ் மாட்டியிருந்த சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தில், அங்கே மருந்தாளுநராக இருந்த அவளுடைய பதிவுச் சான்றிதழ் தொங்கியது. அவள் கடையில் இல்லாமல் மருந்துச் சீட்டுக்கு ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. பதிவேடுகளைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. தூக்கமாத்திரைப் பதிவில் டாக்டர் பெயர்வரை இருந்தது. ஃபிரிட்ஜ் பதிவையோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி, கையெழுத்து.

ஃபிரிட்ஜைத் துடைக்க, வெப்பமானியை எடுத்து மேஜையில் வைத்தாள். அரைமணி கழித்துப் பார்த்தால், வியர்த்துக் கொட்டும் அறையிலும் முள் நாலிலேயே நின்றது. தட்டினாள், உலுக்கினாள். கல்லுளிமங்கன் மாதிரி அசையவில்லை. விற்பனைக்கிருந்த புது வெப்பமானியைப் பிரித்து உள்ளே வைத்துக் கதவை மூடிக் காத்திருந்தாள். மைனஸ் மூன்று. பின்சுவரை ஒட்டியிருந்த இன்சுலின் குப்பிகளுக்குள் பனித்துகள் இருந்தது. உறைந்த இன்சுலினை நம்ப முடியாது. உருகிவிட்டால் பார்வைக்கும் தெரியாமல் போகலாம்.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஐந்து வாரமாக ஒரே நாலு. ஒருநாள் மூன்று, ஒருநாள் ஐந்து என்று ஏறி இறங்காத ஃபிரிட்ஜ் உண்டா? படித்தவளுக்குத் தெரியும். தினமும் கையெழுத்துப் போட்டாளே தவிர, யோசித்துப் பார்க்கவில்லை.

தையல்காரம்மாவின் நினைவு வந்தது. தன் ஒன்பது வயது மகளுக்கு இங்கேதான் இன்சுலின் வாங்குவாள். "ஊசி போட்டும் சர்க்கரை எறங்கவே இல்லம்மா" என்று இரண்டு முறை வந்து நின்றவளை, "இனிப்பு குடுத்துட்டு மருந்தைக் குறை சொல்லாதீங்க" என்று அதட்டி அனுப்பியது இவள்தான்.

"இப்ப வாயத் திறந்தா கடையும் போச்சு, உன் பதிவும் போச்சு" என்றார் மாமா. "அவர் போகட்டும். அப்புறம் ஒவ்வொருத்தரா போன் பண்ணிச் சொல்லலாம்." ஃபிரிட்ஜின் குளிரைக் குறைத்துவிட்டு, குப்பிகளை ஒரு பெட்டியில் போட்டு உள்ளே கொண்டுபோனார். பழைய வெப்பமானி இழுப்பறைக்குள் போனது. அவள் தடுக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆய்வாளர் எல்லாவற்றையும் பார்த்தார். "பதிவெல்லாம் ஒழுங்கா இருக்கு" என்று பேனாவை எடுத்தபோது தையல்காரம்மா உள்ளே வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. ஒரு டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"பிரிக்காத மருந்தும்மா. ஐஸ்லயே வச்சிருந்தேன். பொண்ணு வெள்ளிக்கிழமை போயிட்டா. வேற பிள்ளைக்காவது ஆகட்டும்."

தையல்காரம்மா டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள்.

"நீங்க சொன்னது சரிதான். பிறந்தநாளைக்கு ஒரு துண்டு கேக் குடுத்தேன். நானே என் பிள்ளைய வாரிக் குடுத்துட்டேன்."

மாமா கண்ணாலேயே கெஞ்சினார். அவள் இழுப்பறையைத் திறந்து வெப்பமானியை ஆய்வாளரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கேக் இல்லம்மா," என்றாள் தையல்காரம்மாவைப் பார்த்து. "நாங்க குடுத்த மருந்து."

ஆய்வாளரின் கைச்சூட்டிலும் முள் நாலிலேயே நின்றது.