பதினோராம் நாள் அறிக்கை

"இருநூறுக்கு ஆணி வாங்கினேன். கடைக்காரர்கிட்ட பில் புக் இல்லையாம்."

"அப்ப வவுச்சர் எழுதிக் குடுங்க. எந்தக் கடை, எதுக்கு வாங்கினீங்க, தேதி, கையெழுத்து."

"இருநூறுக்கா? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அதை எழுதத்தான் இந்தத் தாள்ல கட்டம் இல்ல."

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் முதல்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவர் ஆர்ட் டைரக்டர். நான் தயாரிப்பாளரின் தங்கை, படப்பிடிப்புக் கணக்கு என் பொறுப்பு. சிரித்துக்கொண்டே உட்கார்ந்து வவுச்சர் எழுதினார். அன்றிலிருந்து யூனிட்டில் அவர் பெயர் 'ஆணி' ஆனது. சாயங்காலம் பேக்கப் ஆனதும் பில்லோடு என் மேஜைக்கு முதலில் வருகிற ஆளும் அவர்தான். எழுதி முடித்த பிறகும் ஐந்து நிமிடம் சும்மா நிற்பார். நானும் போகச் சொன்னதில்லை.

இது நடந்தது எங்கள் மூன்றாவது படத்தில். பதினான்கு நாள் ஷூட்டிங். ஒரு காலி கோடவுனுக்குள் ரயில் நிலையம் செட். மாடியறையில் ஆபீஸ்.

தினமும் ஒரே ஒரு தாள்தான் என் அறிக்கை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கியது, இன்றைய செலவு, இதுவரை செலவு, முடிவதற்குள் இன்னும் ஆகப்போவது. பலர் மூன்றாவது கட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். இதுவரை எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். முடியும்போது எவ்வளவு என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

பன்னிரண்டாம் நாள் காலை, முந்தைய நாளின் தாளைக் கையில் பிடித்தபடி அண்ணன் வந்தார். பின்னாலேயே மேனேஜர்.

"ஆர்ட்டுக்கு ஒன்பது லட்சம் ஒதுக்கினோம். ஒன்பது பத்து போயாச்சு. இன்னும் ஒண்ணு பத்து ஆகும்னு நீயே எழுதியிருக்க. மொத்தம் பத்து லட்சத்து இருபதாயிரம். ஒண்ணு இருபது எகிறுது."

"ஆமாண்ணா. நேத்து எழுதும்போதே உறுத்துச்சு."

"உறுத்தி என்ன பண்றது? கடைசி நாள் கேன்சல். பிளாட்பாரத்துல அப்பாவும் பொண்ணும் பிரியற சீனை ஃபோன்ல பேசற மாதிரி மாத்திக்கலாம்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். கேக்காம எகிறினா ஆர்ட் டைரக்டர் சம்பளத்துல பிடிப்போம்னு அக்ரிமென்ட்ல இருக்கு. பிடிச்சுடலாம்."

அந்த ஒரு காட்சிக்காகத்தான் மழை விழும் கூரையோடு அந்தச் செட்டையே ஆணி கட்டியிருந்தார். சம்பளம் பிடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். 'செலவுக்கு அடங்காத ஆள்' என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"மத்தியானச் சாப்பாடு வரைக்கும் டைம் குடுங்க. எனக்கு ஒண்ணு சரிபார்க்கணும்."

மேனேஜர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "ஆணின்னதும் அக்கா கணக்கை ரெண்டாவது தடவை பார்ப்பாங்க. சாப்பாட்டு பில்லுன்னா ஒரு தடவைதான்."

"உங்க சாப்பாட்டு பில்லை நாலு தடவை பார்க்கறேன் மேனேஜர். வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான்."

அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆணிக்குச் சாதகமாக நான் ஒரு எண்ணைத் தொட்டாலும் அண்ணன் கண்ணுக்கு அது கணக்காகத் தெரியாது.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். செலவு என்று எழுதியது ஒரு பக்கம். கையிலிருந்தும் பேங்கிலிருந்தும் உண்மையில் வெளியே போனதும், இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கியும் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஆர்ட் பிரிவில் பாக்கி எதுவும் இல்லை. வெளியே போனதைக் கூட்டினேன். ஏழு லட்சத்து அறுபதாயிரம். எழுதியது ஒன்பது பத்து. ஒன்றரை லட்சம் எங்கே?

ஒன்றரை லட்சம் என்று தனியாகவே ஒரு தொகை இரண்டாம் நாள் தாளில் இருந்தது. தச்சுப்பட்டறைக்குக் கொடுத்த அட்வான்ஸ். அன்றே செலவாக எழுதியிருந்தேன். ஒன்பதாம் நாள் பட்டறையின் முழு பில் வந்தது, நான்கு லட்சம். பேங்கிலிருந்து மீதி இரண்டரையைத்தான் அனுப்பினேன். ஆனால் செலவில் நான்கையும் எழுதிவிட்டேன். அட்வான்ஸ் இரண்டு முறை உட்கார்ந்திருந்தது. இரண்டு இடத்திலும் என் கையெழுத்து.

சட்டென்று கோபம் வந்தது, என் மேல்தான். அடுத்த நிமிடமே கை வேலையில் இறங்கிவிட்டது. பழைய எண்ணை அடிக்கவில்லை, அழிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தாளில் புதிதாக ஒரு வரி: 'இரண்டாம் நாள் வவுச்சர் 14, அட்வான்ஸ். ஒன்பதாம் நாள் வவுச்சர் 97, முழு பில். அட்வான்ஸ் இருமுறை சேர்ந்ததால் 1,50,000 கழிக்கப்படுகிறது. தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து. பின்னால் அட்வான்ஸ் ரசீது, பில், பேங்க் சீட்டு, மூன்றின் நகல்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளையும் வவுச்சர் ஃபைலையும் அண்ணன் முன்னால் வைத்தேன்.

"ஒண்ணரை லட்சம் குறையுதா?" என்றார். "ஒரு காலையிலயா? அவனுக்காகப் பண்ணலன்னு எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். நான் வாயைத் திறக்க மாட்டேன். மேனேஜர் படிக்கட்டும். நான் விளக்கினாதான் புரியும்னா அது அறிக்கையே இல்ல."

மேனேஜர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்ற முகத்தோடு ஆரம்பித்தார். வவுச்சர் பதினான்கைத் தேடினார். தொண்ணூற்றேழை எடுத்தார். பில்லின் அடியில் பட்டறைக்காரர் 'முன்பணம் போக மீதி' என்று எழுதியிருந்ததை விரலால் தடவினார். முகம் மாறியது.

"சார், பட்டறையில நாலுக்கு மேல வாங்கல. நாம அஞ்சரைன்னு எழுதியிருக்கோம்."

அண்ணன் தானே பட்டறைக்கு ஃபோன் போட்டார். "எங்ககிட்டருந்து மொத்தம் எவ்வளவு வந்துச்சு உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டு ஃபோனை வைத்தார்.

"அப்ப உண்மையான நிலவரம்?"

இப்போதுதான் பேசினேன். "ஏழு அறுபது ஆச்சு. இன்னும் ஒண்ணு பத்து. எட்டு எழுபதுல முடியும். முப்பதாயிரம் மிஞ்சும்."

"உன் தப்புன்னு நீயே எழுதிக் கையெழுத்து போட்டிருக்க. பைனான்சியருக்கும் இந்தத் தாள்தானே போகும்?"

"போகட்டும்ணா. தப்பு தெரியற கணக்கைத்தான் அவங்க நம்புவாங்க."

அண்ணன் தாளில் கையெழுத்துப் போட்டார். "டைரக்டர்கிட்ட சொல்லு, கடைசி நாள் இருக்குன்னு. அந்த ஃபோன் சீன் எனக்கும் பிடிக்கலதான்."

பதினான்காம் நாள் மழை விழுந்தது. பிளாட்பாரத்தில் அப்பா நின்றார், பெண் ரயிலேறினாள், லைட்மேன்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். நான் மாடியில் நின்று தண்ணீர் லாரி எத்தனை நடை வந்தது என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, செட்டைப் பிரித்து முடித்ததும், ஆணி கடைசிப் பில்களோடு வந்தார். கைச்செலவுப் பணத்தில் மீதி நாலாயிரத்து முந்நூற்றை எண்ணி வைத்தார். ரசீது எழுதிக் கொடுத்தேன். ஆர்ட் பிரிவு எட்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்தில் முடிந்தது. இறுதி அறிக்கையில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

"மேனேஜர் எல்லாம் சொன்னாரு," என்றார். "எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே."

"உங்களுக்காக இல்ல. எண் தப்பா இருந்துச்சு."

"தெரியும். அதான் சந்தோஷமா இருக்கு."

வழக்கம்போல நின்றார். இந்த முறை ஐந்து நிமிடம் தாண்டியது. ஃபைலை மூடி நாடாவைக் கட்டினேன். மூன்று படமாக என் மேஜையில் அவருடைய பில் ஏதாவது ஒன்று கிடந்துகொண்டேதான் இருந்தது. கிடக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். இப்போது மேஜை காலி.

"உக்காருங்க," என்றேன். "ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்."

உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. எங்க அண்ணன்கிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க."