சுரண்டாத கார்டு

ஆவடி சூப்பர்மார்க்கெட்டில் எதிர்வீட்டு நிவேதிதா போன் திரையைக் காட்டியதும் பாயின்ட் ஏறிவிட்டது. நானோ கடையின் பாயின்ட் கார்டைத் தேடிப் பர்ஸைக் குடைந்துகொண்டிருந்தேன். வயிறு எரிந்தது.

அன்றே என் கடை கார்டுகளையெல்லாம் ஸ்கேன் செய்து போனில் வாலட் ஆப்பில் ஏற்றினேன். அவள் பார்க்கட்டும் என்றே வாசலில் உட்கார்ந்து, பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக வெட்டினேன். அண்ணன் தந்த துணிக்கடை கிஃப்ட் கார்டும் அதில் போயிற்று.

சனிக்கிழமை அவளையே கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். புடவையை வைத்துவிட்டுப் போனை நீட்டினேன்.

"நம்பர் வந்துருச்சுக்கா. கார்டு பின்னாடி சுரண்டினா பின் நம்பர் இருக்கும், சொல்லுங்க" என்றாள் பில் போடும் பெண்.

நான் எங்கே சுரண்டினேன்?

"அய்யோ, கிஃப்ட் கார்டையுமா வெட்டுனீங்க?" என்றாள் நிவேதிதா. "நான் எல்லா கார்டையும் பிஸ்கட் டப்பாவுல வச்சிருக்கேன்க்கா."

இப்போது அந்த டப்பாவை நினைத்து வயிறு எரிகிறது.