வாசிக்காமல் விட்ட அனுப்புநர்

ஸ்கந்தபுரம் சந்தியில் நம்பிக்கையின் விலை நூற்றைம்பது ரூபாய். இணைப்பு ஏதும் இருந்தால் இன்னும் ஐம்பது. சிவரூபியின் ஃபோட்டோகொப்பிக் கடைச் சுவரில் 'மின்னஞ்சல் ஒன்று 150' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் சனம் காசு கொடுத்து வாங்கியது மின்னஞ்சலையா? அது காற்றில் போகிற சாமான். கடிதத்தில் எழுதியது சிவரூபியின் வாயால் வெளியே வராது என்பதைத்தான் வாங்கினார்கள்.

அவளுடைய கைபேசியில் பதினொரு முகவரிகள் குடியிருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று கடையுடையது, மிச்சம் ஒன்பதும் வாடிக்கையாளர்களுடையவை. மெயில் அப்பின் மூலையிலுள்ள வட்டத்தைத் தட்டினால் எல்லாரும் வரிசையாக இறங்குவார்கள்: கமக்காரர் சங்கம், பென்சன்கார வாத்தியார், கனடாவில் மகன் இருக்கும் கமலாட்சி, நாலு மணல் டிப்பருக்குச் சொந்தக்காரரான செல்வநாயகம். யாரைத் தட்டுகிறாளோ அவருடைய பெட்டி திறக்கும். அங்கே நின்றபடி புதுக் கடிதம் தொடங்கினால் அது அவருடைய பெயரில்தான் போகும். வேண்டுமானால், மேலே அனுப்புநர் வரியிலுள்ள அம்புக்குறியைத் தட்டி ஆளை மாற்றலாம்.

ஒரே வீட்டில் பதினொரு குடித்தனம் என்றால் கதவு மாறித் தட்டுப்படத்தான் செய்யும். அதற்காகவே கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அனுப்ப முன் கடிதத்தைச் சத்தமாக வாசிப்பாள். அனுப்புநர் இன்னார், பெறுநர் இன்னார் என்று தொடங்கிக் கடைசிச் சொல் வரைக்கும். ஆள் 'ஓம்' என்று சொன்னால்தான் விரல் அசையும். ஏழு வருசத்தில் ஒரு கடிதமும் பிசகியதில்லை.

திங்கட்கிழமை பத்மாசனி வந்தாள். அறுபது வயது, மூன்றாம் மதகடியில் தனிக் குடித்தனம், இரண்டு ஏக்கர் வயல். செல்வநாயகத்தின் டிப்பர்காரர் மணலுக்காக வாய்க்கால் கரையைத் தோண்டித் தோண்டி, இப்போது அவளுடைய கிணற்றின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. செல்வநாயகத்தின் பெயரைச் சொல்லி மணல் அனுமதி கொடுக்கும் அரச கந்தோருக்கு ஒரு முறைப்பாடு போடவேண்டும், ஆனால் போட்டது யாரென்று தெரியக்கூடாது என்றாள். சிவரூபி யோசித்தாள். செல்வநாயகமும் வாடிக்கைதான். ஆனாலும் தராசு வைத்து வியாபாரம் செய்கிறவள் ஒரு தட்டை மட்டும் பார்க்க முடியாது. 'ஊர்வாசி' என்ற பெயரில் புது முகவரி ஒன்றைத் திறந்து, பன்னிரண்டாவதாக அப்பில் சேர்த்தாள்.

பத்மாசனி காதோடு காதாகச் சொல்ல, சிவரூபி குறிப்பேட்டு அப்பில் தட்டிக்கொண்டிருந்தபோது செல்வநாயகத்தின் அழைப்பு வந்தது. காலையில் அவர் பெயரில் அவள் அனுப்பிய விலைப்பட்டியல் வாங்குகிறவருக்குத் திறபடவில்லையாம், திரும்ப அனுப்பவேண்டுமாம். அவருடைய வட்டத்தைத் தட்டி, அனுப்பி முடித்தாள். அப்படியே புதுக் கடிதத்துக்கான பென்சில் குறியை அமத்தி, பெறுநரை எழுதி, பத்மாசனியின் கடிதத்தை ஒட்டினாள். நீளமான கடிதம், அனுப்புநர் வரி திரைக்கு மேலே போய் மறைந்துவிட்டது.

வழக்கப்படி வாசிக்க வாயைத் திறந்தாள். ஃபோட்டோகொப்பி எடுக்க வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். பத்மாசனி அவள் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, அனுப்புறது ஆரெண்டு இந்தச் சனத்துக்கு முன்னாலை வாசிக்காதை. விசயத்தை மட்டும் மெல்லமாச் சொல்லு."

நியாயமான பேச்சு. சிவரூபி விசயத்திலிருந்து வாசித்தாள். அனுப்பியதும், மீளப் பெறலாம் என்று அப் சில விநாடி கேட்டுப் பார்த்தது. அவள் மிச்சக் காசு எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை, பதில் வந்ததா என்று ஊர்வாசியின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே, முகவரி திறந்ததற்கான வரவேற்புக் கடிதம் மட்டும். அனுப்பியவை என்ற பகுதி வெறுமை. வரைவிலும் இல்லை. அப்போதுதான் திங்கட்கிழமை கடைசியாகத் தட்டிய வட்டம் நினைவுக்கு வந்தது. செல்வநாயகத்தின் வட்டத்தைத் தட்டினாள்.

செல்வநாயகத்துக்கு எதிராகச் செல்வநாயகம் போட்ட முறைப்பாடு, அவருடைய அனுப்பியவையில் அழகாக உட்கார்ந்திருந்தது. பதிலும் வந்திருந்தது. 'மதிப்புக்குரிய திரு. செல்வநாயகம், தங்கள் சமூக அக்கறையைப் பாராட்டுகிறோம். எமது அலுவலர்கள் வெள்ளிக்கிழமை நேரில் வருவார்கள்.' கீழே பத்மாசனியின் கடிதம் முழுவதும்: மூன்றாம் மதகு, வேலிக்கரை மாமரம், சரிந்த கிணறு. பெயர் ஒன்றுதான் இல்லை. அந்த மதகடியில் இருப்பதோ ஒரே ஒரு வீடு.

வேறு நேரமென்றால் சிரித்திருப்பாள். ஆனால் வாசிக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும். இந்தப் பதிலோ அவள் தட்ட முன்பே மெலிந்து நின்றது. யாரோ ஏற்கனவே திறந்து வாசித்துவிட்டார்கள். திறந்தது அவளல்ல. அதே முகவரி செல்வநாயகத்தின் கைபேசியிலும் இருந்தது. இணைப்புப் போடத் தெரியாது என்பதற்காகத்தான் அவளிடம் வருகிறாரே தவிர, வாசிக்க அவருக்கு நன்றாகத் தெரியும்.

அழித்துவிடலாமா? இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். நேற்றுப் பார்த்தது இன்றைக்கு இல்லையென்றால், அழித்த கை யாருடையது என்று அவர் ஊரெல்லாம் விசாரிக்கத் தேவையில்லை.

பத்மாசனிக்கு எடுத்தாள். தொலைபேசியில் பத்மாசனியின் குரலில் கல்யாண வீட்டுக் களை.

"இரண்டு நாளா டிப்பர் ஒண்டும் வரேல்லை, பிள்ளை. உன்ரை கடிதம் வேலை செய்திட்டுது. காலமை ஒரு தம்பி மோட்டார்சைக்கிள்ளை வந்து கிணத்தைப் படமெடுத்தவன். கந்தோர் ஆள்தானே?"

"என்னக்கா கேட்டவன்?"

"தனியவோ இருக்கிறியள் எண்டு கேட்டவன். ஓம் எண்டனான்."

கந்தோர் ஆட்கள் வருவதாக எழுதியிருந்தது வெள்ளிக்கிழமைக்கு. "அக்கா, கொஞ்ச நாளைக்கு மகளின்ரை வீட்டை போய் நில்லுங்கோ," என்றாள். ஏன் என்று பத்மாசனி கேட்க, சொல்ல வாயெடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

செல்வநாயகம் கதிரையை இழுத்து, தன் வீடுபோல உட்கார்ந்தார். மழையைப் பற்றி விசாரித்தார். அவளுடைய மகளின் பள்ளிக்கூடத்தைப் பெயர் சொல்லி, பள்ளி விடும் நேரத்தையும் தானே சொல்லி, பிள்ளை கெட்டிக்காரி என்று மெச்சினார். விலை பேச முன் சரக்கைத் தடவிப் பார்க்கிற வியாபாரியின் கை அது. சிவரூபிக்கு அந்தக் கையைத் தெரியும். பிறகு ஒரு மின்னஞ்சல் அனுப்பவேண்டும் என்றார்.

"ஆருக்கண்ணை?"

"வெள்ளிக்கிழமை வாறமெண்டு எழுதியிருக்கினமே, அவைக்கு. நான் போட்ட முறைப்பாட்டை நானே மீளப் பெறுறன் எண்டு எழுதும். பிழையான தகவலாலை வந்தது, வரத் தேவையில்லை. என்ரை முகவரியாலை போனதை என்ரை முகவரியாலைதானே நிப்பாட்டலாம், தங்கச்சி?"

ஊர்வாசி போட்டிருந்தால், அதை நிறுத்த ஊர்வாசிதான் வேண்டும். இப்போது கதவும் அவருடையது, பூட்டின் திறப்பும் அவருடையது. பதில் குறியைத் தட்டினாள். அனுப்புநர் வரியில் அவருடைய முகவரி தானாகவே வந்து நின்றது. எழுதி முடித்து, விசயத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"உம்மடை வழக்கம் அப்பிடியில்லையே," என்றார் அவர், சிரித்தபடி. "அனுப்புநரிலையிருந்து வாசியும்."

வாசித்தாள். அவர் ஓம் என்றார். அவள் விரல் அசைந்தது. இந்த முறை, மீளப் பெறலாம் என்ற அந்தச் சில விநாடிகளையும் அவள் முழுதாகப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எழுத்து மறைந்தது.

மேசையில் முன்னூறு ரூபாயை வைத்தார்.

"நூற்றைம்பதுதான் அண்ணை."

"இண்டைக்கு ஒண்டு. திங்கட்கிழமை ஒண்டு. என்ரை பேரிலை போன கடிதத்துக்கு வேறை ஆக்கள் காசு குடுத்தால் எனக்கு மரியாதையில்லை. அந்த மனிசியின்ரை காசைத் திருப்பிக் குடும். நானும் அந்தப் பக்கந்தான் போறன்."

அவருடைய வாகனம் மதகுப் பாதையில் திரும்பியதைப் பார்த்ததும் பத்மாசனிக்கு எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மூன்று தரம் எடுத்தாள். கடையைப் பூட்ட முன், வழக்கமான கணக்குக் கொப்பியில் எழுதினாள்:

திங்கள் முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று. வரவு: பத்மாசனி 150, செல்வநாயகம் 150.
புதன் கடிதம் ஒன்று. வரவு: செல்வநாயகம் 150.
பத்மாசனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது: 150. இன்னும் கொடுபடவில்லை.