அக்காவின் ஆறாவது மாதம்

பரிசோதனைக்கூடத்தின் தலைமை டெக்னீஷியனுக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எதையும் மூன்று முறை பார்க்காமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள், ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன் பதிவு மேசையில் சேர்ந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தகுதிகாண் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. பணி நிரந்தரமா, நீட்டிப்பா, விடுவிப்பா? ஏதாவது ஒன்றைக் குறித்து, கீழே காரணம் எழுத வேண்டும்.

பிள்ளைகள் வளரும்வரை வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் வேலைக்கு வந்தவர் அக்கா. ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டும் குழந்தைகள்கூட அவர் பேச்சுக் கொடுத்தால் கையை நீட்டிவிடும். ஆனால் கணினிப் பதிவு என்று வந்தால் மட்டும் கோட்டை விட்டுவிடுவார். சாப்பாட்டுக்கு முன் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைச் சாப்பிட்ட பின் என்று பதிவார், எழுபது வயதை ஏழாக்குவார். பூதக்கண்ணாடி ரத்த மாதிரிக் குழாயின் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, சத்தம் போடாமல் பதிவைத் திருத்திவிடுவாள். தன்னைவிட மூத்தவரை எப்படிக் கூப்பிட்டுச் சொல்வது என்று வாய் வரவில்லை.

கடைசியில் "விடுவிப்பு" என்பதைக் குறித்து, "வேலையில் கவனம் போதவில்லை" என்று எழுதி மனிதவள அதிகாரியிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு அலமாரியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தார். மூன்றாம் மாத மதிப்பீடு. எல்லாக் கட்டத்திலும் "திருப்தி". கீழே அவள் கையெழுத்துதான்.

"இதுல எது நெஜம்?"

"ரெண்டும்தான் சார்."

"கவனம் போதலன்னா என்ன? நீங்க என்ன பாத்தீங்க, என்னைக்குப் பாத்தீங்க, அவங்ககிட்ட எப்ப சொன்னீங்க, சொன்னதுக்கு அப்புறம் மாறுச்சா? அதத்தாம்மா காரணம்னு எழுதணும். இது வெறும் அபிப்பிராயம்."

"சொன்னேனே சார். பாத்துப் பண்ணுங்கக்கான்னு."

"எத?"

எதை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியானால் அக்காவுக்கு வேலை தெரியவில்லையா, தெரிந்துகொள்ள விடவில்லையா? நிரந்தரம் செய்தால் நாளைக்கு ஒரு நோயாளிக்குத் தப்பான அறிக்கை போகலாம். அனுப்பினால், குற்றம் என்னவென்றே தெரியாமல் ஒரு மனுஷி வீட்டுக்குப் போவார்.

"நீட்டிக்கலாமா சார்?"

"நீட்டிக்கலாம். ஆனா காலம் முடியறதுக்குள்ள அவங்ககிட்ட சொல்லணும். எதுல முன்னேறணும், எப்படி அளப்பீங்க, யார் சொல்லித் தருவா, எல்லாம் எழுத்துல வேணும். ஏன் இப்ப முடிவெடுக்க முடியலங்கறதையும் மழுப்பாம எழுதுங்க."

மழுப்பாமல் எழுதுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. நாலு தாளைக் கசக்கிப் போட்ட பிறகு இப்படி வந்தது: "நோயாளிகளிடம் நடந்துகொள்வது மிக நன்று. பதிவுகளில் பிழைகள் இருந்தன. அவற்றை ஊழியரிடம் தெரிவிக்காமல் நானே திருத்தினேன். ஆகவே அவர் திருத்திக்கொள்ளக்கூடியவரா என்று என்னால் சொல்ல இயலவில்லை. மூன்று மாத நீட்டிப்பு. இனி ஒவ்வொரு பிழையும் அன்றே அவரிடம் காட்டப்பட்டு, குறித்து வைக்கப்படும். நானே பயிற்சி தருவேன்."

மாலையில் அக்காவை உட்கார வைத்து அதைக் கொடுத்தாள். அக்கா இரண்டு முறை படித்தார். அழுவார் என்று பயந்தாள். அழவில்லை.

"ஒரு தடவகூட யாரும் கொற சொல்லலன்னு வீட்ல பெருமையா சொல்லிட்டு இருந்தேன் மேடம்," என்றார். "பசங்ககூட கைதட்டுனாங்க."

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்க்கா..."

"இப்ப படலையா?"

நல்லது செய்தோமா கெடுதல் செய்தோமா என்றே பூதக்கண்ணாடிக்கு விளங்கவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது.

மறுநாள் காலை முதல் தட்டுக் குழாய்களிலேயே ஒன்றின் பதிவு, சாப்பாட்டுக்கு முன் என்பது பின் என்று மாறிக் கிடந்தது. அவள் விரல் பழக்கதோஷத்தில் திருத்தப் போனது. பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. இத பாருங்க."

அக்கா குழாயைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"பட்டியல்ல இது ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கு. அவசரத்துல அடுத்தத தொட்டுடறேன் போல." உட்கார்ந்து தானே திருத்தினார். பிறகு திரும்பி, "இந்த மாதிரி இதுவரைக்கும் எத்தன மேடம்?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. எழுதி வைக்கல."

அக்கா மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப இத எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க," என்று சொல்லிவிட்டு, வெளியே வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தையிடம் போனார்.