கூடிப்போன பங்கு

எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் நான்கு பேர். பஸ் ஓட்டுகிற பெரியண்ணன், லிஃப்ட் மெக்கானிக்கான சின்னண்ணன், அவன் மனைவி டீச்சர் அண்ணி, பல் ஆஸ்பத்திரியில் கவுண்டரில் உட்காருகிற நான். வாடகை, கரண்ட், மளிகை, பால், காஸ் எல்லாம் சேர்த்து மாதம் நாற்பத்தெட்டாயிரம் ஆகும். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் சரிசமமாகப் போடுவோம். யார் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் பெரியண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எனக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். பங்கைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் போனுக்கும் எடுத்து வைத்தால் கையில் மூவாயிரம் மிஞ்சினால் பெரிய விஷயம். பல் செட் செய்யக் கற்றுத் தருகிற மாலை வகுப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கட்டணம் ஐயாயிரம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் முதல் மாதத்தைக் கட்டாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். காலம் முழுக்க "அடுத்து யாரு, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டிருக்க என்னால் முடியாது சாமி.

அதனால் ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு வாயைத் திறந்தேன். "ஆளுக்கு இவ்வளவுன்னு இல்லாம, அவங்கவங்க சம்பளத்துக்குத் தக்க மாதிரி போட்டா என்ன?"

"ஆரம்பிச்சுட்டா நோண்டி," என்றான் சின்னண்ணன். எதையாவது துருவித் துருவிக் கேட்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் அது. "அப்ப சாப்பாட்டுத் தலைய எண்ண வேண்டாமா? நாங்க ரெண்டு பேரு. அண்ணன் வீட்ல பசங்களோட நாலு."

"எண்ணுங்க தம்பி," என்றாள் பெரியண்ணி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "கூடவே ஏழு பேருக்கு மூணு வேளை சமைக்க ஆள் வெச்சா என்ன ஆகும்னும் எண்ணுங்க. எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

டீச்சர் அண்ணிதான் யோசித்துச் சொன்னாள்: "அவ சொல்றது நியாயம்தாங்க. போட்ட பிறகு கையில என்ன மிஞ்சுதுன்னுதானே பாக்கணும்? நமக்குக் கொஞ்சம் கூடும், கூடட்டும். ஒரு மாசம் செஞ்சு பாப்போம்."

"அதெல்லாம் முடியாது," என்றார் பெரியண்ணன். "சம்பளத்தக் கேட்டு வீட்டுக்குள்ள தராசு தூக்குவீங்களா? படிப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வீட்டிலேயே அதிகம் வாங்குகிறவர் அவர், கூடப் போட வேண்டி வரும் என்று கணக்குப் பார்க்கிறார், தங்கச்சி எக்கேடு கெட்டால் என்ன என்று நினைத்தேன். ஆனாலும் விடவில்லை.

"யாரும் சம்பளத்தச் சொல்ல வேணாம்ணா. மொத்தம் மட்டும் தெரிஞ்சா போதும்."

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்சுகள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் ஆள் மனதுக்குள் ஏதோ ஒரு பெரிய எண்ணை நினைத்து, அதோடு தன் சம்பளத்தைக் கூட்டி, சீட்டில் எழுதி அடுத்தவளிடம் தருவாள். அவள் தன்னுடையதைக் கூட்டிப் புதுச் சீட்டில் எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துவிடுவாள். இப்படிச் சுற்றி வந்து கடைசிச் சீட்டு முதல் ஆளிடமே சேரும். அவள் தான் நினைத்த எண்ணைக் கழித்தால் மொத்தம் வந்துவிடும், தனித்தனியாக யாருடையதும் தெரியாது.

"அட, மேஜிக் மாதிரி இருக்கே!" என்று சின்னண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஆசை வந்தபின் பெரியண்ணனால் தடுக்க முடியவில்லை. நான் தொடங்கி, டீச்சர் அண்ணி, சின்னண்ணன், கடைசியில் பெரியண்ணன். அவர் சீட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார்.

கழித்துப் பார்த்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரம். நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. செலவு அதில் நாற்பது சதவீதம். ஆக ஒவ்வொருவரும் தன் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். எனக்கு ஏழாயிரத்து இருநூறு! யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதிருக்க, பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியில் பெரியண்ணி ஓட்டை போட்டு வைத்தாள். சம்பளம் வந்ததும் அவரவர் போய்ப் போட்டோம்.

அடுத்த மாத முதல் ஞாயிறு மாலை பெரியண்ணி டப்பாவைத் திறந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "ஐம்பதாயிரத்து நானூறு இருக்கு! ரெண்டாயிரத்து நானூறு கூடுதல்."

"யாரு அந்தத் தர்மப் பிரபு?" என்றான் சின்னண்ணன்.

"கிடக்கட்டும், வீட்டுச் செலவுக்கு ஆகும்," என்று பெரியண்ணன் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பணம் குறைந்தால் புரியும். கூடினால் எப்படி? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தவறுதலாக யாரோ பழைய பங்கையே போட்டிருந்தால்? அப்படியானால் அவருடைய புதுப் பங்கு பன்னிரண்டாயிரத்தில் இரண்டாயிரத்து நானூறு போக ஒன்பதாயிரத்து அறுநூறு. அது நாற்பது சதவீதம் என்றால் சம்பளம் இருபத்து நாலாயிரம். சின்னண்ணனுக்கும் டீச்சர் அண்ணிக்கும் பங்கு கூடித்தான் இருந்தது, டீச்சர் அண்ணி அன்றைக்கே தன் வாயால் சொன்னாள். நான் போட்டது எனக்குத் தெரியும். மிச்சம் ஒரே ஆள்.

இருபது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இருபத்து நாலாயிரமா? எழுந்து அவரைத் தேடிப் போனேன்.

பின்கட்டுக் குழாயடியில் அவர் யூனிஃபார்ம் சட்டையை அலசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சம்பளம் இருபத்தி நாலா?"

கை நின்றது. "சத்தம் போடாத."

"என்னாச்சுண்ணா?"

"கண் டெஸ்ட்ல தள்ளிட்டாங்க. நாலு மாசமா டிப்போல வண்டி கழுவுற இடத்துல மேற்பார்வை. ட்ரிப் காசு, ஓவர்டைம் எதுவும் கிடையாது."

"அதுக்குத்தானே இந்தக் கணக்கே! ஒம்பதாயிரத்து அறுநூறு போட்டாப் போதுமே. பைத்தியமா உங்களுக்கு?"

"சீட்டுல பொய் எழுத மனசு வரல. ஆனா டப்பாகிட்டப் போனதும் கை வரல." சட்டையைப் பிழிந்தார். "தங்கச்சி நீயே பன்னிரண்டு போட்ட வீட்ல, மூத்தவன் நான் ஒம்பதா போடுறது?"

"கூடப் போட்டத எடுத்துக்கங்க."

"மாட்டேன். நீ போய்ப் படிக்கிற வழியப் பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனுஷனைப் போய்க் கருமி என்று நினைத்தேனே என்ற அழுகையும் அதில் சேர்ந்துகொண்டது. விடுவிடுவென்று உள்ளே வந்தேன். மறுநாள் கட்ட வைத்திருந்த ஐயாயிரத்தைப் பையிலிருந்து எடுத்து, இருநூறைக் கழித்துவிட்டு, மற்றதைப் பெரியண்ணி மடியிலிருந்த டப்பாவுக்குள் போட்டேன்.

"என்னடி இது?" என்றாள்.

"என் பழைய பங்குக்குக் குறைஞ்சது நாலாயிரத்து எண்ணூறு. இந்த வீட்ல ஒருத்தர் பழைய கணக்குலயே நின்னா நானும் அதுலயே நிக்கிறேன். எனக்குப் படிப்பு வேணாம்."

பின்னாலேயே வந்த பெரியண்ணன் ஈரக் கையோடு வாசல்படியில் நின்றார். என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நேராக வந்து என் நாலாயிரத்து எண்ணூறை எடுத்து என் கையில் திணித்தார். பிறகு எல்லார் முன்னாலும் இரண்டாயிரத்து நானூறை எண்ணி எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் சம்பளம் இப்ப இருபத்தி நாலாயிரம்தான்," என்றார். "பஸ் ஓட்டல. நாலு மாசமாச்சு."

சின்னண்ணன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. டீச்சர் அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியண்ணி மட்டும் மடியில் பணத்தை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"நாலு மாசமா பங்கும் போட்டீங்க, என் கையில வழக்கமான செலவுக்காசும் குடுத்தீங்க," என்றாள் மெதுவாக. "யார்கிட்டங்க கடன் வாங்கினீங்க?"