ஒன்பது பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு

எண்பத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் ஆரணியில் ஒன்பது பேருக்குத் தபால்தலை சேகரிப்பது பொழுதுபோக்காக இருந்தது. அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் சேர்த்து மாதத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தால் அதிசயம். அவர்களில் நானும் ஒருத்தி.

எனக்குக் களம்பூர். அப்பா எல்லப்பன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா சின்னம்மா அதே மில் களத்தில் அவித்த நெல்லைக் காயவைத்தாள். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ நல்ல மார்க்கோடு முடித்திருந்தேன். வேலூர் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலுக்கும் ஃபீஸுக்கும்தான் வழியில்லை. ஆரணி பட்டு வியாபாரிகளின் டிரஸ்ட் ஒன்று வருஷத்துக்கு மூன்று பேரை முழுச் செலவும் கொடுத்துப் படிக்கவைத்தது. இண்டர்வியூ கார்டு வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார், கிடைத்தால் வேலூர், கிடைக்காவிட்டால் களம் என்று. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

கார்டின் கடைசி வரியில், மாணவர் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத வரும். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாத்தியார் இங்கிலீஷ் பாடத்தையே தமிழில்தான் நடத்தினார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆரணியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த பன்னீர்செல்வம் சாரிடம் போனேன். காலணா வாங்காமல் ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். அதில் என் அப்பா விவசாயி ஆகியிருந்தார். என் லட்சியம் நாட்டுக்குச் சேவை செய்வது. என் பொழுதுபோக்கு ஸ்டாம்ப் கலெக்ஷன். "யாருக்கும் காட்டாதம்மா, திருஷ்டி பட்டுடும்" என்றார். நானும் பைத்தியம் மாதிரி அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பத்து நாள் மனப்பாடம் செய்தேன். களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். கூட வேலை செய்த பெண்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

அன்றைக்கு டிரஸ்ட் கட்டடத்து முற்றத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் உதட்டை அசைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாலு பேர் உள்ளே போய்ச் சிரித்த முகமாக வெளியே வந்தார்கள். சர்டிபிகேட் சரிபார்க்க வேண்டும் என்பதால் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஐந்தாவது நான்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் ரிடையர் ஆன கல்லூரி முதல்வர் அபிதகுசாம்பாள் அம்மா. இன்னொருவர் டிரஸ்ட் தலைவர், பட்டுக்கடை முதலாளி அருணகிரி. உன்னைப் பற்றிச் சொல் என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார். பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன், அப்பா விவசாயி என்றேன். அவ்வளவுதான், நின்றுவிட்டது. கையில் இருந்த ஃபைல் வியர்வையில் நழுவியது. பத்து நாள் பாடம் போன இடம் தெரியவில்லை.

அப்போது அருணகிரி முதலாளி மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"மை ஹாபி இஸ் ஸ்டாம்ப் கலெக்ஷன்."

அபிதகுசாம்பாள் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் திருதிருவென்று விழித்தேன்.

"எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதும்மா" என்றார் முதலாளி. "காலையிலேர்ந்து நாலு பேரு இதையேதான் சொல்லிகினு போறாங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி."

பன்னீர்செல்வம் சாரை மனசுக்குள் நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் முந்திக்கொண்டது. அதோடு பயம் எங்கேயோ போய்விட்டது. இனி கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லையே.

அந்த அம்மா எளிய இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எத்தனை ஸ்டாம்ப் வைத்திருக்கிறாய்? ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு எவ்வளவு நிலம்? நிலம் இல்லை, மூட்டை தூக்குகிறார். சரி, நேற்று என்ன செய்தாய்? நெல் காயவைத்தேன். எப்படி என்று கேட்டார். ஊறவைப்பது, அவிப்பது, களத்தில் கொட்டிப் பரப்புவது, காலாலேயே கோடு கிழித்துத் திருப்புவது எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் கை பேசியது. நேற்று நடந்ததையும் நாளைக்கு நடக்கப்போவதையும் ஒரே காலத்தில் சொன்னேன். காய்ந்தது எப்படித் தெரியும் என்றார். கடித்துப் பார்ப்பேன் என்று பல்லில் கடித்துக் காட்டினேன். மெத்தென்று இருந்தால் இன்னும் வெயில் வேண்டும், மீறிக் காய்ந்தால் மில்லில் அரிசி நொறுங்கிவிடும் என்றேன். முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கல்லூரியில் பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்குமே, புரியாவிட்டால் என்ன செய்வாய் என்றார் அந்த அம்மா. கேட்பேன் என்றேன். மறுபடியும் புரியாவிட்டால்? மறுபடியும் கேட்பேன். மற்றவர்கள் சிரிப்பார்களே? சிரிக்கட்டும் மேடம், இன்று நீங்களும்தான் சிரித்தீர்கள் என்றேன். இதையெல்லாம் இங்கிலீஷில்தான் சொன்னேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

வெளியே பாக்கி நாலு பேர் அதே உதட்டசைவோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றே மூன்று இடம். நான் வாயை மூடிக்கொண்டால் வேலூர் எனக்குத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் மூடிக்கொண்டுதான் நின்றேன். அடுத்ததாக எழுந்த சேவூர் அய்யாக்கண்ணு முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. காகிதத்தை மறந்துவிடுங்கள், வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று நாலு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

பெரணமல்லூர் கன்னியம்மா ஏற்கனவே முடித்துவிட்டு வந்தவள். அவள் என் பக்கத்தில் வந்து, "நான் ஒரு எழுத்துகூட விடாம ஒப்பிச்சேன்கா. ரெண்டு பேரும் தலையாட்டிகினே இருந்தாங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னைச் சுட்டது. அய்யாக்கண்ணுவை முந்திக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனேன்.

"மேடம், ஃபோர் ஸ்டூடண்ட்ஸ், சேம் பேப்பர். நாட் தேர் மிஸ்டேக். ப்ளீஸ் கால் அகெய்ன்."

இடம் மூன்றுதான், தெரியுமா என்று அந்த அம்மா கேட்டார். தெரியும் என்றேன்.

இங்கிலீஷ் தெரியாத முதலாளிதான் முதலில் மேஜை மணியை அடித்தார். "புரிஞ்சிச்சி. அந்த நாலு பேரையும் திரும்பக் கூப்புடுங்க."

மத்தியானம் தாண்டியும் இண்டர்வியூ ஓடியது. உள்ளேயிருந்து அடிக்கடி சிரிப்புச் சத்தம் வந்தது. ஆட்டுக்கு நடுவழியில் பிரசவம் பார்த்த கதையைக் கன்னியம்மா கையைக் காலை ஆட்டிச் சொன்னாளாம்.

ஒரு வாரத்தில் தபால் வந்தது, முழுக்க இங்கிலீஷில். முதல் பெயர் கன்னியம்மா. வயிறு எரிந்ததா என்றால், என் பெயரைக் கண்டுபிடிக்கும்வரை எரிந்தது. என் பெயர் மூன்றாவது. மில்லுக்கு ஓடினேன். மூட்டையை இறக்கிவிட்டு வந்த அப்பாவிடம் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அம்மாவையும் களத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார்.

"அதுல எப்பிடிக் கீதோ அப்பிடியே படி" என்றார்.

நெல்லுக்கு நடுவில் நின்று, மேலிருந்து கீழே வரை சத்தமாக இங்கிலீஷில் படித்தேன். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னார்கள்.