ஓடாத மோட்டார்

எலெக்ட்ரீஷியன்களுக்கான சான்றிதழ் தேர்வுக்கு அவள் கேள்வி எழுதுகிறாள். சரியான விடை பயிற்சி ஸ்லைடிலேயே இருக்கும். நம்பும்படியான தவறான விடைகளை அவள்தான் உண்டாக்க வேண்டும். "இதை யாரும்மா டிக் பண்ணுவாங்க?" என்று மேலாளர் ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

எலெக்ட்ரீஷியனான அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "வயர்ல கரண்ட் இல்லன்னு எப்படிண்ணா தெரிஞ்சுக்குவ?"

"ஸ்டார்ட் பட்டனை அமுக்குவேன். மோட்டார் ஓடலன்னா கரண்ட் இல்ல. இதுகூடத் தெரியாதா, படிச்ச கழுதை?"

டெஸ்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரியான விடை. அண்ணன் சொன்னதைத் தவறான விடையாகச் சேர்த்தாள். மேலாளர் "அபாரம்" என்றார். கேள்வி தேர்வில் ஏறிவிட்டது.

மறுவாரம் அண்ணன் அதே தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். தேறினால்தான் வேலை நிரந்தரம். கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் அப்படியே வயரைத் தொடுவான்.

"என்னடி முழிக்கிற?"

"மோட்டார் ஓடலன்னாலும் கரண்ட் இருக்கும்ண்ணா. டெஸ்டர் வெச்சுப் பாரு."

"போடி, எனக்கே பாடமா?" என்று சிரித்தான்.

அவள் மேலாளருக்கு எழுத உட்கார்ந்தாள்: அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள், தேர்வு எழுதப்போகிற என் அண்ணனிடம் விடையைச் சொல்லிவிட்டேன்.